இறைவணக்கக் கூட்டத்தில் உடல்வாகும் மதியச் சோறும்: தலைமையாசிரியர் உரைக்கு ஒரு முழு வழிகாட்டி

"யாரையும் குண்டுன்னு கேலி பண்ணாதீங்க. எண்ணெய்ப் பலகாரம், பாக்கெட் தீனி தின்னாதீங்க, உடம்பு பெருத்துடும்." இறைவணக்கக் கூட்டத்தில் உடல்வாகைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பேசும் தலைமையாசிரியர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தைக் கொன்றுவிடும். பெருத்த உடம்பு என்பது தப்பாகத் தின்றதற்குக் கிடைத்த தண்டனை என்று மைதானத்தில் நிற்கும் அத்தனை பேரும் எடுத்துக்கொள்வார்கள். அன்று மத்தியானம், பெரிய உடம்புள்ள பிள்ளை டப்பாவைத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்து, "சார் சொன்னது கேக்கலையா?" என்பான். கேலிக்குப் பள்ளியே ஒரு புது வாசகம் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஆகவே இந்த உரைக்கு அடிப்படை விதி ஒன்றே. உடல்வாகு ஒரு பேச்சு, சாப்பாடு வேறொரு பேச்சு. சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில் எடை, தொப்பை, கொழுப்பு, ஒல்லி, ஃபிட் போன்ற எந்தச் சொல்லும் வரக்கூடாது. உடல்வாகைப் பற்றிச் சொல்லும் இடத்தில் சாப்பாடு வரக்கூடாது. வளரிளம் பிள்ளைகளிடம் எடையைப் பேசாமல் பழக்கங்களைப் பேசுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையும் சொல்கிறது. எடையைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகள் வேளைச் சோற்றைத் தவிர்ப்பதும், பிறகு பசி பொறுக்காமல் ஒரேயடியாகத் தின்பதும் பல ஆய்வுகளில் பார்க்கப்பட்டது. கேலியால் யாருக்கும் உடம்பு சீராவதில்லை.

கீழே எடுத்துக்கொண்டிருப்பது கோபி அல்லது காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் 6 முதல் 10 வரை உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. பாதிப் பேர் சத்துணவு சாப்பிடுகிறார்கள், பாதிப் பேர் வீட்டிலிருந்து போசியிலோ டிபன் டப்பாவிலோ கொண்டு வருகிறார்கள். அம்மாக்களில் பலர் தோட்ட வேலைக்கோ, திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ, நூல் மில்லுக்கோ போகிறவர்கள். தனியார் பள்ளியானாலும் முறை இதுதான், உதாரணங்கள்தான் மாறும்.

உரைக்கு முந்தைய வாரம்

முதலில் இரண்டு நாள் மதிய இடைவேளையில் சும்மா நடந்து பாருங்கள். கையில் நோட்டு வேண்டாம், யாருடைய டப்பாவையும் திறந்து காட்டச் சொல்ல வேண்டாம். பார்க்க வேண்டியது மூன்று விஷயங்கள்: சோற்றோடு பருப்பு, பயறு, முட்டை, தயிர் போன்ற ஏதாவது இருக்கிறதா, காயோ கீரையோ இருக்கிறதா, சோறே இல்லாமல் பாக்கெட் தீனியோடு உட்கார்ந்திருப்பது எத்தனை பேர். அறைக்குத் திரும்பிய பிறகு வகுப்பு வாரியாகத் தோராயமான எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம்.

எட்டாம் வகுப்பில் 30 டப்பா பார்த்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 19-இல் தக்காளி சாதமோ லெமன் சாதமோ மட்டும், 7-இல் பருப்போ முட்டையோ உண்டு, 4 பேரிடம் சோறே இல்லை. இந்தக் கணக்கு உரையையே திருப்பிவிடும். "பாக்கெட் தீனி தின்னாதே" என்று பேசப் போயிருந்தால் நான்கு பேருக்காக முப்பது பேரிடம் பேசியிருப்பீர்கள். உண்மையான குறை அந்த 19 டப்பாவில் இருக்கிறது: சோற்றுக்குத் துணை இல்லை. பார்க்காமல் எழுதும் உரைகள் பெரும்பாலும் தவறான எதிரியோடு சண்டை போடுகின்றன.

சோறே கொண்டு வராத அந்த நான்கு பேரைப் பற்றி மைக்கில் ஒரு வார்த்தையும் வேண்டாம். சத்துணவு வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டோ, காலையில் சமைக்க ஆளில்லாமலோ, கேலிக்குப் பயந்து பட்டினி கிடந்தோ இருக்கலாம். மூன்றுக்கும் தீர்வு வெவ்வேறு. வகுப்பாசிரியர் தனியாகக் கேட்க வேண்டிய விஷயம் அது.

அடுத்து பட்டப்பெயர்கள். விளையாட்டு நேரத்தில் கால் மணி நேரம் மைதான ஓரமாக நின்றாலே காதில் விழும். குண்டு, தடியன், பூசணி, ஓமக்குச்சி, ஒல்லிப்பிச்சான், குள்ளன் என்று எல்லா அளவுக்கும் ஒரு பெயர் உண்டு. ஒல்லியான பிள்ளைகள்மேல் விழும் பெயர்களைப் பெரியவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. "காத்தடிச்சாப் பறந்துருவ" என்பதைப் பாசம் என்று நினைத்துக்கொள்கிறோம். உரையில் எல்லா உடல்வாகும் வர வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். பெரிய உடம்பை மட்டும் பேசினால், மைதானத்தில் நிற்கும் இரண்டு மூன்று பிள்ளைகளைச் சுட்டிப் பேசியதாகிவிடும்.

மூன்றாவது வேலை ஆசிரியர்களோடு பத்து நிமிடக் கூட்டம். இதைத் தவிர்த்தால் உரை அன்று சாயங்காலம் வரைகூடத் தாங்காது. காரணம், பல பள்ளிகளில் பட்டப்பெயர் தொடங்குவதே ஆசிரியர் வாயில்தான். "டேய் பெரிய உடம்பு, அந்த பெஞ்சைத் தூக்கு" என்பதும், "நீ கடைசியில நில்லு, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது" என்பதும் வசவாக நினைத்துச் சொல்லப்படுவதில்லை. ஆனால் பிள்ளைகள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். கூட்டத்தில் கேட்க வேண்டியது இரண்டே. யாரையும் உடம்பை அடையாளமாக வைத்துக் கூப்பிடக் கூடாது. உயரம், எடை, சீருடை அளவு எடுக்கும்போது எண்ணைச் சத்தமாகப் படிக்கக் கூடாது. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு எடை பார்க்கும் நாளில் வரிசையை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, எண்ணை எழுதுகிறவரிடம் மட்டும் சொல்லச் செய்தால் போதும். விலையில்லாச் சீருடைக்கு அளவெடுக்கும் நாளும் அப்படியே.

எந்த நாளில் பேசுவது

பள்ளியில் யாராவது ஒருவர் கேலியால் அழுது, அது எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அதற்கு மறுநாள் இந்த உரையை வைக்காதீர்கள். நீங்கள் பெயர் சொல்லாவிட்டாலும் நானூறு கண்களும் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பும். கேலி செய்தவனை அன்றே தனியாக அழைத்துப் பேசி முடித்துவிட்டு, உரையைப் பத்து நாள் தள்ளி வையுங்கள். எடை பார்த்த வாரமும் வேண்டாம்.

இரண்டு விஷயத்தையும் திங்களுக்கும் வியாழனுக்கும் பிரித்து வைக்க முடிந்தால் அதுதான் மிக நல்லது. ஒரே நாளில் பேசுவதாக இருந்தால் உடல்வாகு முதலில், சாப்பாடு இரண்டாவதாக. சாப்பாட்டைக் கடைசியில் வைத்தால் வீட்டுக்குப் போய்ச் செய்ய ஒரு வேலையோடு கூட்டம் கலையும். உடல்வாகைக் கடைசியில் வைத்தால் அதே பேச்சோடு வகுப்புக்குப் போவார்கள், முதல் பீரியடிலேயே யாராவது அதை வைத்து விளையாடுவார்கள்.

மொத்தம் நாலு நிமிடம். கொடியேற்றம், தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, செய்தி எல்லாம் முடிந்து உங்கள் முறை வரும்போது பிள்ளைகள் ஏற்கெனவே பத்து நிமிடம் வெயிலில் நின்றிருப்பார்கள். மைக்கில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எழுபது எண்பது சொல் போகும். 300 சொல்லுக்கு மேல் எழுதினால் கடைசி வரிசை கேட்காது.

அன்று வாசிக்கும் குறளையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். சாப்பாடு என்றதும் தமிழாசிரியர் "மருந்து" அதிகாரத்திலிருந்து 943-ஆம் குறளை எடுத்து வருவார். அது அளவறிந்து உண்ணச் சொல்லும் குறள். நல்ல குறள்தான், இந்த நாளுக்கு ஆகாது. பெரிய உடம்புள்ள பிள்ளைக்கு "நீ குறைத்துத் தின்" என்றே அது கேட்கும். நாவைக் காக்கச் சொல்லும் 127-ஆம் குறள் இந்த உரைக்குச் சரியாகப் பொருந்தும்.

முதல் பகுதி: உடல்வாகு

கீழே உள்ளதை அப்படியே படிக்கலாம், உங்கள் பேச்சுக்கு ஏற்ப மாற்றியும் கொள்ளலாம். எழுத்துத் தமிழில் வாசித்தால் சுற்றறிக்கை மாதிரி இருக்கும், நம்மூர்ப் பேச்சிலேயே இருக்கட்டும்.

"கண்ணுகளா, வணக்கம். இன்னிக்கு ரெண்டு விஷயம். ரெண்டும் வேற வேற. முதல் விஷயத்துக்கு வர்றேன். நம்ம பள்ளிக்கூடத்துல எல்லா அளவுலயும் பிள்ளைக இருக்கீங்க. உசரமா இருக்கீங்க, கட்டையா இருக்கீங்க, ஒல்லியா இருக்கீங்க, பெருசா இருக்கீங்க. உங்க வயசுல உடம்பு வேகமா மாறும். சிலருக்கு முதல்ல எடை கூடி, அப்புறம் உசரம் வரும். சிலருக்கு உசரம் முதல்ல போயிடும், சதை பின்னாடி மெதுவா வரும். சிலருக்குப் பத்து வயசுல ஆரம்பிக்கும், சிலருக்குப் பதினாலுல. அப்பா அம்மா வாகு எப்படியோ, பெரும்பாலும் அப்படித்தான் வரும். இதுல யாரும் தப்புப் பண்ணல, யாரும் பரிசு வாங்கற மாதிரி சாதிக்கவும் இல்ல.

"அதனால ஒரே ஒரு விதி. யாரோட உடம்பையும் வெச்சுப் பேர் வெக்கக் கூடாது. சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் கூடாது. கூட்டாளி கோவிச்சுக்கலைன்னாலும் கூடாது. இந்த விதி வாத்தியாருங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. யாராச்சும் சொல்றதைக் கேட்டீங்கன்னா, 'பேரைச் சொல்லிக் கூப்பிடு'ன்னு மட்டும் சொல்லுங்க. சண்டை வேண்டாம். அதுக்கப்புறமும் நிக்கலைன்னா வகுப்பு டீச்சர்கிட்டயோ எங்கிட்டயோ வந்து சொல்லுங்க. சொன்னது யாருன்னு வெளிய வராது."

இதில் எடை முதலில் கூடி உயரம் பின்னால் வரும் என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். பருவமடையும் காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சி வேகம் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு ஓரிரு ஆண்டு முந்தி வருகிறது. ஏழாம் வகுப்பில் பெண்கள் வரிசை பெரிதாகவும் பையன்கள் வரிசை சிறிதாகவும் தெரிவதற்கு அதுவே காரணம். அந்த இரண்டு ஆண்டுகளில்தான் கேலியும் அதிகம். "இது வயசு செய்கிற வேலை" என்று தலைமையாசிரியர் வாயால் கேட்பது நாலு அறிவுரைக்குச் சமம்.

"கூட்டாளி கோவிச்சுக்கலைன்னாலும்" என்ற சொற்றொடரும் அப்படித்தான். விசாரிக்கும்போது எல்லாப் பையன்களும் சொல்லும் முதல் பதில், "அவனே சிரிச்சான் சார்" என்பதுதான். அந்த ஓட்டையை முன்கூட்டியே அடைத்து வைக்க வேண்டும்.

இந்தப் பகுதியில் தவறு நடக்கும் இடங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, பட்டப்பெயர்களை மைக்கில் பட்டியல் போடுவது. "பூசணின்னு கூப்பிடாதீங்க" என்றதும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பும். அந்தச் சிரிப்பு எங்கே திரும்புகிறது என்று பார்த்தாலே எவ்வளவு சேதம் நடந்தது என்று தெரிந்துவிடும். பெயர் தெரியாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் அன்று கற்றுக்கொள்வார்கள். இரண்டாவது, தன் உடம்பையே வைத்து நகைச்சுவை செய்வது. "என்னைப் பாருங்க, தொப்பையோட நிக்கறேன்" என்றால் பிள்ளைகள் நன்றாகச் சிரிப்பார்கள், ஆனால் உடம்பைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதற்கு நீங்களே அனுமதி கொடுத்ததாகிவிடும். மூன்றாவது, ஆறுதல் உதாரணம். "பெருசா இருக்கறவங்க குண்டு எறிதல்ல ஜெயிப்பாங்க" என்று நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். பயன் இருந்தால்தான் அந்த உடம்புக்கு மரியாதை என்று அதற்குப் பொருள். பயனே இல்லாவிட்டாலும் மரியாதை உண்டு என்பதுதான் நாம் சொல்ல வந்தது.

நடுவில் ஒரு நிறுத்தம்

முதல் பகுதி முடிந்ததும் பேசாமல் மூன்று நான்கு விநாடி நில்லுங்கள். தாளைத் திருப்புங்கள். முடிந்தால் நடுவில் ஒரு சிறு அறிவிப்பைச் செருகுங்கள்: நாளை நூலகப் பீரியட் மாறுகிறது, பஸ் பாஸ் படிவம் வந்துவிட்டது என்று ஏதாவது. சம்பந்தமில்லாத இந்த ஒரு வரி இரண்டு பேச்சுக்கும் நடுவே சுவராக நிற்கும். "அதனால நல்லா சாப்பிடணும்" என்று "அதனால" போட்டு இணைத்துவிட்டால் இதுவரை சொன்னது எல்லாம் வீண்.

இரண்டாம் பகுதி: மதியச் சோறு

"அடுத்த விஷயம், மத்தியானச் சோறு. மத்தியானம் வயிறு நிறைய சாப்பிட்டும் மூணு மணிக்கே பசிக்குதுன்னு உங்கள்ல பல பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். வெறும் சோறு சீக்கிரம் செரிச்சுரும். கூட ரெண்டு சேர்ந்தா நின்னு பேசும். இதை ஞாபகம் வெச்சுக்குங்க: சோத்தோட ரெண்டு. ஒண்ணு, பருப்பு, பயறு, கடலை, முட்டை, தயிர், இதுல எதாச்சும். இன்னொண்ணு, காயோ கீரையோ.

"அரிசிம்பருப்புச் சோறு கொண்டு வர்றவங்களுக்கு ஒண்ணு ஏற்கெனவே போசிக்குள்ளயே இருக்கு. கூட அரசாணிக்காய்ப் பொரியலோ ரெண்டு துண்டு வெள்ளரிக்காயோ வெச்சா முடிஞ்சுது. சத்துணவு சாப்பிடறவங்களுக்கு முட்டை தட்டுலயே வருது. சாம்பார்ல இருக்கற காயை ஓரமா ஒதுக்காம சாப்பிடுங்க, ரெண்டும் ஆச்சு.

"வீட்டுக்குப் போய் அம்மாவைக் குறை சொல்லாதீங்க. ஒரு வேலை மட்டும் நீங்க செய்யுங்க. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு கைப்பிடி பச்சைப்பயறை எடுத்து நீங்களே ஊறப் போடுங்க. அடுத்தவங்க டப்பாவைப் பாத்துப் பேசாதீங்க, அவங்கவங்க சோறு அவங்கவங்களுக்கு. நாளைக்கு நானும் போசி கொண்டு வர்றேன், உங்ககூட உக்காந்து சாப்பிடறேன். வகுப்புக்குப் போங்க."

இங்கே "மூணு மணிக்குப் பசிக்கும்" என்பதைக் காரணமாக வைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. அது ஒல்லிப் பிள்ளைக்கும் பெரிய பிள்ளைக்கும் பொது. நோய் வரும், சர்க்கரை வரும் என்று பயமுறுத்தினால் பதின்மூன்று வயதுக்காரனுக்கு அது முப்பது வருடம் தள்ளி நடக்கப்போகிற கதை. மூன்று மணிப் பசி இன்றே தெரியும்.

எதையும் "தின்னாதே" என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். இதில் சிலருக்கு ஒப்புதல் இருக்காது. பாக்கெட் தீனியைக் கண்டிக்காமல் என்ன உரை என்பார்கள். மைக்கில் பெயர் சொல்லித் தடுத்த தீனி பையின் அடியில் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். அதோடு, அம்மா ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய நாளில் பத்து ரூபாய் கையில் கொடுத்து அனுப்பிய வீட்டுப் பிள்ளை, தன் அம்மாவைத் தலைமையாசிரியர் திட்டியதாக எடுத்துக்கொள்ளும்.

முட்டையை அளவுகோலாக வைப்பதும் தவறு. சைவ வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். பருப்பு, பயறு, முட்டை, தயிர் எல்லாவற்றையும் ஒரே வரியில் சொன்னால் யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை.

பெற்றோருக்குக் கொடுக்கும் அரைப் பக்கத் தாள்

அளவும் செய்முறையும் உரையில் வரக்கூடாது. அவை அன்று சாயங்காலம் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பும் தாளில் வர வேண்டும். தாளிலும் எடை என்ற சொல் வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தோராயமாக ஒன்றரை கப் சோறு, அரை கப் வெந்த பயறு அல்லது ஒரு முட்டை, அரை கப் காய் என்று தொடங்கலாம். பசி கூடுதலாக இருந்தால் மூன்றையும் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஓடியாடும் பிள்ளைக்கு இந்த அளவு போதாது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் சில வீடுகளில் இதை உச்ச அளவாக எடுத்துக்கொண்டு சோற்றைக் குறைப்பார்கள்.

புதிதாக ஒரு பலகாரத்தைச் சொல்லிக் கொடுக்காமல், ஏற்கெனவே சமைப்பதில் ஒன்றை மாற்றச் சொல்வதுதான் நடக்கும் வழி. அரிசிம்பருப்பையே எடுத்துக்கொள்வோம். பல வீடுகளில் ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம் பருப்புப் போடுகிறார்கள். அதை அரை டம்ளராக்கி, தண்ணீரை மூன்று டம்ளரிலிருந்து நாலு டம்ளராக்கினால் போதும். தண்ணீரைக் கூட்டாமல் பருப்பை மட்டும் கூட்டினால் காலையில் நன்றாக இருக்கும், மத்தியானம் ஆறிக் கெட்டியாகித் தொண்டையில் அடைக்கும், பிள்ளை பாதியைக் கொட்டிவிட்டு வரும். டப்பாவுக்குக் கட்டும் சோறு அடுப்பிலிருந்து இறக்கும்போது சற்றுத் தளர்வாகவே இருக்க வேண்டும்.

பயறுக்கு இரவு ஊறலே பாதி வேலை. ஒரு கைப்பிடி, அதாவது சுமார் 30 கிராம், வேக வைத்தால் அரைக் கப்புக்குக் கிட்ட வரும். ஏறக்குறைய ஒரு முட்டையில் உள்ள புரதம் அதிலும் இருக்கிறது. காலையில் சோறு வைக்கும் குக்கரிலேயே தனிக் கிண்ணத்தில் வைத்து எடுத்துவிடலாம், இன்னொரு அடுப்பு வேண்டாம். கொள்ளு, தட்டைப்பயறு, நிலக்கடலை எல்லாம் நம் மானாவாரிக் காட்டிலேயே விளைகிறவை, கடையில் தேட வேண்டியதில்லை. கொள்ளு மட்டும் ஊறியும் வேக நேரம் பிடிக்கும். காலை அவசரத்துக்கு அது ஒத்துவராது, முந்தின நாள் இரவே வேக வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கம் மார்ச் முதல் வெயில் ஏறிவிடும். ஆறு மணிக்குக் கட்டிய சோறு பன்னிரண்டரை மணி வரை தாங்க வேண்டும். ஆவி பறக்கும் சோற்றை உடனே மூடினால் மூடியில் வேர்த்த நீர் சோற்றில் சொட்டி ஊசிப்போகும். பத்து நிமிடம் ஆறவிட்டு மூடச் சொல்லுங்கள். தேங்காய் அரைத்த சட்னி, தேங்காய் போட்ட கூட்டு கோடையில் வேண்டாம். தயிர்ச் சோறு புளிக்கிறது என்றால் வெதுவெதுப்பான பாலில் சோற்றைக் குழைத்து ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுக் கட்டினால் சாப்பிடும் நேரத்துக்குச் சரியாகத் தோய்ந்திருக்கும். அவித்த முட்டையை ஓட்டோடு அனுப்புவது நல்லது, உரித்து வைத்தால் சீக்கிரம் கெடும். வெள்ளரிக்காயில் உப்புத் தூவி அனுப்பினால் தண்ணீர் விட்டுச் சோற்றை நனைக்கும். திறந்து பார்த்து வாசம் மாறியிருந்தால் சாப்பிடாமல் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும் என்பதையும், அன்று சத்துணவில் சாப்பிடலாம் என்பதையும் தாளின் கடைசி வரியாக எழுதலாம்.

மறுநாளும் அதற்குப் பிறகும்

சொன்னபடி மறுநாள் போசியோடு உட்காருங்கள். அன்று உங்கள் சோற்றைத்தான் பள்ளியே பார்க்கும், அதில் சோத்தோட ரெண்டு இருக்கிறதா என்று எண்ணவும் செய்வார்கள். ஒரு நாள் டப்பாப் பிள்ளைகளோடு, ஒரு நாள் சத்துணவுத் தட்டோடு உட்காருவது அவசியம். தலைமையாசிரியர் சத்துணவு சாப்பிட்டால் வரிசையில் நிற்கும் கூச்சம் கொஞ்சம் குறையும், கூடவே சாம்பாரில் காய் எவ்வளவு மிதக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியவரும்.

"அந்தப் பேர்" மறுபடி காதில் விழும்போது, முதல் முறை அங்கேயே நின்று, "பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பிரசங்கம் வேண்டாம், கேலிக்கு ஆளான பிள்ளையை அங்கே வைத்துச் சமாதானம் செய்யவும் வேண்டாம். அதே பிள்ளை இரண்டாம் முறை சொன்னால் தனியாக அழைத்துப் பேச வேண்டும். மூன்றாம் முறை பெற்றோரை வரச் சொல்ல வேண்டும். மன்னிப்பைக் கூட்டத்தின் முன் கேட்க வைக்காதீர்கள். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறானோ அந்தப் பிள்ளையும் மேடை ஏறியதாகிவிடும்.

உரைக்குப் பிறகு ஆசிரியர்கள் ஒரு விஷயத்தில் கண் வைக்க வேண்டும். உரையைத் தப்பாக எடுத்துக்கொண்டு சோற்றைக் குறைக்கும் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கக்கூடும். டப்பாவை அப்படியே திரும்பக் கொண்டு போவது, மதிய நேரத்தில் கழிப்பறைப் பக்கம் ஒதுங்குவது, விளையாட்டு நேரத்தில் தலைசுற்றல் என்று உட்காருவது எல்லாம் அடையாளங்கள். ஒல்லியான பிள்ளையாக இருந்தாலும் பெரிய பிள்ளையாக இருந்தாலும் இரத்தச்சோகை இருக்கலாம், வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் வீட்டில் பேசி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகச் சொல்ல வேண்டும். பள்ளியில் யாரும் உணவுக் கட்டுப்பாடு சொல்லிக் கொடுக்கக் கூடாது. உடம்பு திடீரென்று கூடுவதற்கு மருந்தும் தைராய்டும்கூடக் காரணமாக இருக்கும், அது மருத்துவர் பார்க்க வேண்டியது.

வாசல் கடை விஷயம் உரையில் வராமல், நேரில் நடக்க வேண்டிய பேச்சு. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனிகளைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றிலும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. சட்டத்தை முதலில் நீட்டினால் கடைக்காரர் முகம் கோணுவார். அவரும் உள்ளூர்க்காரர், பல நேரம் அவர் பிள்ளையும் உங்கள் பள்ளியில் படிக்கும். "ஏனுங்க, காலையில வேகவெச்ச கடலையும் கொய்யாவும் வெச்சீங்கன்னா நம்ம பசங்க வாங்குவாங்களுங்க" என்று தொடங்கிப் பார்க்கலாம். விற்கிறது என்று தெரிந்தால் அவரே தொடர்வார். கேட்காவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசலாம், சட்டம் அதற்கும் பிறகு.

மூன்று வாரம் கழித்து, முதலில் செய்த மாதிரியே இரண்டு நாள் மதியம் நடந்து பாருங்கள். எட்டாம் வகுப்பின் 19 துணையில்லாச் சோறு 14 ஆகியிருந்தால் உரை வேலை செய்திருக்கிறது என்று கொள்ளலாம். பாதியாகக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள், காலை நாலரைக்கு எழும் வீடுகளில் மாற்றம் அவ்வளவு வேகமாக வராது. எண்ணிக்கை அசையவே இல்லையென்றால் உரையைத் திரும்பப் படிக்க வேண்டாம். பயறு ஊறப் போட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று கையைத் தூக்கச் சொல்லவும் வேண்டாம், தூக்காதவர்கள் வீட்டில் பயறே இல்லாமல் இருக்கலாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், முந்தின இரவு செய்து வைக்க என்ன தடை என்று கேளுங்கள். பெரும்பாலும் நேரத்தைத்தான் சொல்வார்கள், சில வீடுகளில் பயறின் விலையைச் சொல்வார்கள். விலை என்று வந்த வீட்டுப் பிள்ளைகளைச் சத்துணவுப் பதிவேட்டில் சேர்க்க வகுப்பாசிரியர் அன்றே தனியாகப் பேசிவிட வேண்டும்.